சங்கிலிச் செய்தி ஊரை மிஞ்சுவது ஏழாவது நிலையிலா, எட்டாவது நிலையிலா?

"ஒரு சங்கிலிச் செய்தியைப் பெறும் ஒவ்வொருவரும் அதைப் புதிதாக ஐந்து பேருக்கு அனுப்புகிறார்கள். 90,000 பேர் வாழும் ஊரின் மக்கள்தொகையை மிஞ்ச எத்தனை நிலைகள் வேண்டும்? எனக்கு 8 வருகிறது, விடைப் பகுதியில் 7 என்று இருக்கிறது. என் தவறு எங்கே?"

நீங்கள் ஒரு தவறும் செய்யாமலேயே 8 என்ற விடையை அடைந்திருக்கக்கூடும். இதே வகைக் கணக்கில் மதிப்பெண்ணோடு நற்பெயரையும் சிறிது காலம் இழந்தவன் என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் கணக்கு. தொடங்கி வைத்தவரைச் சுழிய நிலை என்று கொண்டால், அடுத்தடுத்த நிலைகளில் செய்தி பெறுவோர் 5, 25, 125, 625, 3,125, 15,625, 78,125 என்று வளர்கிறார்கள். ஏழாவது நிலையில் மட்டும் பெறுவோர் 78,125 பேர். இது 90,000-க்குக் குறைவு. எட்டாவது நிலையில் அது 3,90,625 ஆகிவிடுகிறது. ஒரே ஒரு நிலையின் எண்ணிக்கையை மட்டும் ஊரோடு ஒப்பிட்டால் விடை 8 என்பதில் ஐயமில்லை. ஆனால் ஏழாவது நிலையை எட்டும்போது, முந்தைய நிலைகளில் பெற்றவர்களும் அந்தச் செய்தியை வைத்துக்கொண்டுதானே இருக்கிறார்கள்? தொடங்கியவர் முதல் ஆறாவது நிலை வரை 19,531 பேர். அவர்களையும் சேர்த்தால் மொத்தம் 97,656. ஊர் ஏழாவது நிலையிலேயே மிஞ்சப்பட்டுவிட்டது. விடைப் பகுதியில் இருக்கும் 7 இந்தக் கூட்டுத்தொகையிலிருந்து வந்தது.

நீங்களும் கூட்டித்தான் பார்த்தீர்கள், அப்படியும் 8 வந்தது என்றால், பெரும்பாலும் தொடங்கியவரையே முதல் நிலை என்று எண்ணியிருப்பீர்கள். பெருக்குத் தொடரின் கூட்டல் சூத்திரத்தில் n என்பது உறுப்புகளின் எண்ணிக்கை. 1 முதல் 78,125 வரை எட்டு உறுப்புகள் உள்ளன; ஆனால் செய்தி கைமாறியது ஏழு முறைதான். விடையை எழுதும்போது இந்த ஒன்றைக் கழிக்க மறப்பது மிகவும் எளிது.

இனி என் கதை. பள்ளியில் நடந்த ஒரு தேர்வில், ஒவ்வொருவரும் மூன்று புதியவர்களுக்கு அனுப்புவதாகவும், ஊரில் 1,000 பேர் இருப்பதாகவும் ஒரு கேள்வி வந்தது. 1, 3, 9, 27, 81, 243, 729 என்று எழுதிக் கூட்டினேன், 1,093 வந்தது. ஆகவே ஆறாவது நிலை என்று விடையளித்தேன். எனக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்த நண்பன் கூட்டவே இல்லை. 3-இன் எந்த அடுக்கு 1,000-ஐத் தரும் என்று மடக்கையால் கண்டுபிடித்து, 6.29 என்று பெற்று, வழக்கமான முழுதாக்கும் பழக்கத்தில் அதை 6 என்று எழுதிவிட்டான். திருத்தியவரின் விடைக்குறிப்பில் இருந்தது 7. அவர் அதே மடக்கையைச் சரியாக மேல்நோக்கி முழுதாக்கியிருந்தார். அடுத்தடுத்து அமர்ந்த இருவருக்கும் ஒரே "தவறான" விடை வந்ததால், ஒருவரைப் பார்த்து மற்றவர் எழுதியதாக முடிவு செய்யப்பட்டது. என் விடைத்தாளில் கூட்டல் முழுவதும் இருந்தது, அவன் தாளில் மடக்கை இருந்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க யாரும் முன்வரவில்லை. கேள்வியில் "செய்தி பெற்றோரின் எண்ணிக்கை" என்று மட்டுமே இருந்தது. அந்த நிலையில் பெற்றோரா, அதுவரை பெற்றோரா என்பது சொல்லப்படவே இல்லை. இதை ஆசிரியர்கள் மீதான குறையாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நாற்பது தாள்களைத் திருத்துபவருக்குப் பொறுமை குறைவது இயல்பே. ஆனாலும் ஒரு சொல் சேர்த்திருந்தால் தீர்ந்திருக்கக்கூடிய சிக்கல் அது.

இந்தக் கோபம்தான் பின்னாளில் என்னை அந்தக் கணக்கைத் திரும்பப் பார்க்க வைத்தது. ஐந்து பேருக்கு அனுப்பும் சங்கிலியில் ஒவ்வொரு நிலையும், அதற்கு முன் பெற்ற எல்லோரின் நான்கு மடங்கோடு ஒன்றைக் கூட்டிய அளவாக இருக்கும்; 19,531-ஐ நான்கால் பெருக்கி ஒன்று கூட்டினால் சரியாக 78,125 வருவதைச் சரிபார்த்துக்கொள்ளலாம். ஆகவே கூட்டுத்தொகை எப்போதும் கடைசி நிலையைப் போல் ஏறத்தாழ ஒன்றேகால் மடங்குதான். ஊரின் மக்கள்தொகை 78,125-க்கும் 97,656-க்கும் இடையில் விழுந்தால் மட்டுமே ஏழா எட்டா என்ற சண்டை எழும். அதே கேள்வியில் 50,000 பேர் என்றிருந்தால் இரு வழிகளிலும் 7; 1,00,000 பேர் என்றிருந்தால் இரு வழிகளிலும் 8. உங்கள் 90,000 அந்தக் குறுகிய இடைவெளியில் விழுந்திருக்கிறது. என் தேர்வில் வந்த 1,000-மும் 729-க்கும் 1,093-க்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. மூன்று பேருக்கு அனுப்பும்போது அந்த இடைவெளி ஒன்றரை மடங்காக விரியும். இரண்டு பேருக்கு மட்டும் அனுப்பும் சங்கிலியில் இரு வழிகளும் ஏறத்தாழ எப்போதுமே ஒரு நிலை வேறுபடும்.

மடக்கையைப் பயன்படுத்துவோருக்கு இன்னொரு எச்சரிக்கை. உங்கள் கணக்கில் ஒரே நிலையை ஒப்பிட்டால் அடுக்கு 7.09 என்று வரும். அதை 7 என்று முழுதாக்குவது தவறு, ஏனெனில் ஏழாவது நிலை இன்னும் எட்டவில்லை. மிஞ்ச வேண்டும் என்ற கேள்வியில் பின்னம் எவ்வளவு சிறிதானாலும் மேல்நோக்கியே செல்ல வேண்டும். அப்படித் தவறாக முழுதாக்கி 7 என்று எழுதுபவரின் விடை, விடைப் பகுதியோடு தற்செயலாக ஒத்துப்போய், அவருக்கு முழு மதிப்பெண்ணும் கிடைக்கும் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரவில்லை.

"நடைமுறையில் எல்லோருமா அனுப்புகிறார்கள்?" என்று கேட்கப்போகிறவர்கள் இருப்பீர்கள். அனுப்புவதில்லை, அதையும் கணக்கிடலாம். பெறுபவர்களில் ஐந்தில் இருவர் மட்டுமே மேலும் ஐந்து பேருக்கு அனுப்பினால், நிலைகள் 5, 10, 20, 40 என்று இரட்டித்துத்தான் வளரும்; பதினான்காவது நிலை வரை பெற்றவர்கள் 81,915 பேர், ஊரை மிஞ்சப் பதினைந்தாவது நிலை தேவைப்படும். ஐந்தில் ஒருவர் மட்டும் அனுப்பினால் ஒவ்வொரு நிலையிலும் ஐந்தே பேர். பத்தில் ஒருவர் மட்டும் அனுப்பினால் பொது விகிதம் அரையாகிவிடும். எத்தனை நிலைகள் சென்றாலும் சராசரியாக மொத்தம் பத்துப் பேரைத் தாண்டாது. அதுபோலவே, "புதிதாக" என்ற சொல்லும் கடைசி நிலைகளில் பெரும் சுமையைத் தாங்குகிறது. ஏழாவது நிலை தொடங்கும்போது ஊரில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் ஏற்கெனவே பெற்றுவிட்டார்கள் என்பதால், பார்க்காமல் அனுப்பினால் அந்த அளவு செய்திகள் பழையவர்களிடமே திரும்பிப் போகும். கேள்வி அதை விலக்கிவிட்டதால் நீங்கள் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

ஊரின் மக்கள்தொகையை மிஞ்சுவது என்றால் அதுவரை பெற்ற அனைவரையும் எண்ணுவதே இயல்பான பொருள் என்பது என் கருத்து. ஆகவே 7-ஐ ஏற்றுக்கொள்வேன். ஆனால் விடைத்தாளில் "தொடங்கியவர் சுழிய நிலை, எண்ணிக்கை என்பது இதுவரை பெற்றோரின் கூட்டுத்தொகை" என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டுத்தான் கணக்கைத் தொடங்குவேன். பக்கத்து இருக்கையில் யார் அமர்ந்திருந்தாலும்.