பதவி உயர்வு வராத இடத்தில் வேலை வாங்குவது எப்படி?

கேள்வி: நான் ஒரு வட்டாட்சியர். என்னிடம் வேலை பார்க்கும் இளநிலை உதவியாளர்கள், கிராம நிர்வாக அலுவலர்கள் பலருக்கும் அடுத்த பதவி உயர்வு எப்போது என்றே தெரியாது. எதையாவது சரியாகச் செய்யச் சொன்னால், "இதனால புரமோஷனா சார் வரப்போகுது?" என்கிறார்கள். பயிற்சியில், மனிதரை வேலை செய்யத் தூண்டுவது எது என்று ஆராய்ந்த மாஸ்லோ, ஹெர்ஸ்பெர்க் என்ற இரண்டு உளவியலாளர்களைப் பற்றி நடத்தினார்கள். என் கையில் சம்பளமும் இல்லை, பதவியும் இல்லை. அந்தக் கோட்பாடுகள் எனக்கு ஏதாவது உதவுமா?

பதில்: உதவும். ஆனால் இருவரில் ஹெர்ஸ்பெர்க் உங்களுக்கு அதிகம் உதவுவார். மாஸ்லோவை ஒரே ஒரு இடத்தில் பயன்படுத்திக்கொள்ளலாம். அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

உடல் தேவை, பாதுகாப்பு, உறவு, மதிப்பு, தன்னை முழுமையாக வெளிப்படுத்துவது என்ற மாஸ்லோவின் ஐந்து தேவைகளைப் பயிற்சி வகுப்பில் பிரமிடாக வரைந்து காட்டியிருப்பார்கள். கீழ்ப்படி முடிந்த பிறகுதான் மேல்படி என்று அந்தப் படம் எண்ண வைக்கும். 1943 கட்டுரையில் அவர் அவ்வளவு கறாராகச் சொல்லவில்லை. சாதாரண மனிதருக்கு உடல் தேவை 85 சதவீதம், பாதுகாப்பு 70, உறவு 50, மதிப்பு 40, கடைசித் தேவை 10 சதவீதம் நிறைவேறியிருக்கலாம் என்று உதாரணத்துக்குச் சில எண்களைப் போட்டுக் காட்டினார். எல்லாத் தேவையும் ஒரே நேரத்தில் அரைகுறையாக நிற்கும் என்பதுதான் அதன் பொருள்.

இதை உங்கள் அலுவலகத்துக்குள் வைத்துப் பாருங்கள். மேசையில் இருக்கும் எழுத்தருக்குப் பாதுகாப்பு என்றால் வேலை நிரந்தரம், ஓய்வூதியம். களத்தில் இருப்பவருக்கு அது உயிர். 2023 ஏப்ரலில் தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில், மணல் கடத்தல் பற்றிப் புகார் கொடுத்த கிராம நிர்வாக அலுவலர் ஒருவரை அவருடைய அலுவலகத்திலேயே வெட்டிக் கொன்றார்கள். இரவில் மணல் வண்டியை மறிக்கப் போகிறவரிடம் பாராட்டுச் சான்றிதழை நீட்டினால் அவர் என்ன நினைப்பார்? ஆகவே களப்பணியாளருக்கு முதல் ஊக்கம், அவர் தொலைபேசியில் கூப்பிட்டால் நீங்கள் எடுப்பதும், தனியாக அனுப்பாமல் இருப்பதும், அவர் கொடுத்த புகாரை உங்கள் பெயரில் காவல் நிலையத்துக்கு அனுப்புவதும்தான். மாஸ்லோவிடமிருந்து இவ்வளவு எடுத்துக்கொண்டால் போதும்.

இனி ஹெர்ஸ்பெர்க். 1959-ல் வெளிவந்த ஆய்வில் அவரும் கூட்டாளிகளும் பிட்ஸ்பர்க் பகுதியில் சுமார் 200 பொறியாளர்களையும் கணக்காளர்களையும் சந்தித்து இரண்டு விஷயம் கேட்டார்கள்: வேலையில் மனம் மிக நிறைந்திருந்த சமயம் ஒன்றைச் சொல்லுங்கள், மிகவும் வெறுத்துப்போன சமயம் ஒன்றைச் சொல்லுங்கள். வெறுத்த கதைகளில் நிர்வாக விதி, மேலதிகாரி, சம்பளம், வேலைச் சூழல் ஆகியவை அதிகம் வந்தன. நிறைந்த கதைகளில் ஒன்றைச் செய்து முடித்தது, அதை மற்றவர்கள் கவனித்தது, வேலையின் சுவை, பொறுப்பு, உயர்வு ஆகியவை வந்தன. ஆக, முதல் வகையைச் சரிசெய்தால் புலம்பல் குறையும். அதனாலேயே உற்சாகம் வந்துவிடாது. உற்சாகத்துக்கு இரண்டாம் வகை வேண்டும்.

நம் அரசு ஒரே பதவியில் 10 ஆண்டு முடித்தவருக்குத் தேர்வு நிலையும், 20 ஆண்டு முடித்தவருக்குச் சிறப்பு நிலையும் தருகிறது. மத்திய அரசில் 2008 முதல் 10, 20, 30 ஆண்டுகளில் ஊதிய உயர்வு தரும் ஏற்பாடு இருக்கிறது. இரண்டிலும் பணம் ஏறும். நாற்காலி, கோப்பு, வேலை எல்லாம் அப்படியே இருக்கும். ஹெர்ஸ்பெர்க் கணக்குப்படி இது முழுக்க முதல் வகை. தேர்வு நிலை வாங்கிய மறுமாதமும் அதே மனிதர் அதே முகத்தோடு வந்து உட்காருவதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் உங்களுக்கான வழியும் இங்கேதான் இருக்கிறது. பதவி உயர்வு என்பது ஒரே பொருளல்ல. அதற்குள் சம்பளம் இருக்கிறது, ஊரில் கிடைக்கும் மரியாதை இருக்கிறது, கூடுதல் அதிகாரமும் புது வேலையும் இருக்கின்றன. பலருக்கு வேண்டாத இடமாற்றமும் சேர்ந்தே வருகிறது. அந்த இடமாற்றத்துக்குப் பயந்து பதவி உயர்வையே எழுதிக்கொடுத்துத் துறக்கிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சம்பளத்தை அரசு பார்த்துக்கொள்ளும். அதிகாரம், பொறுப்பு, வேலையின் தன்மை இவற்றில் ஒரு பங்கை உயர்வு இல்லாமலே நீங்கள் பிரித்துக் கொடுக்க முடியும்.

அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. ஹெர்ஸ்பெர்க் கேட்ட அதே இரண்டையும் உங்கள் ஆட்களிடம் தனித்தனியாகக் கேளுங்கள். பணியாளர் கூட்டத்தில் கேட்காதீர்கள். அங்கே சங்கத் தலைவர் மட்டும்தான் பேசுவார். வெறுத்துப்போன கதையில் வரப்போகிறவை எனக்குத் தெரிந்தவைதான்: மாதக்கணக்கில் கிடக்கும் பயணப்படிப் பட்டியல், பணிப்பதிவேட்டில் ஏறாத ஈட்டிய விடுப்பு, பத்து வருடம் முடிந்தும் நகராத தேர்வு நிலைக் கருத்துரு, பொதுமக்கள் முன்னால் வாங்கிய திட்டு, பெண்கள் கழிப்பறையின் உடைந்த கதவு. எல்லாவற்றுக்கும் மேலாக, முடிவு சொல்லாமல் தொங்கும் 17பி ஒழுங்கு நடவடிக்கை. குற்றச்சாட்டு நிலுவையில் இருக்கும்வரை பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் வராது. ஆண்டுக்கணக்கில் அப்படித் தொங்குகிறவருக்குத் தண்டனை ஏற்கெனவே தொடங்கிவிட்டது. விசாரணை அறிக்கை உங்களிடம் இருந்தால் இந்த மாதமே அனுப்பிவையுங்கள். ஆணையிடும் அதிகாரம் மேலே இருந்தாலும் கருத்துரு உங்கள் மேசையிலிருந்துதான் போக வேண்டும். அடுத்த ஓராண்டில் 10, 20 ஆண்டு முடிக்கிறவர்கள் யார் என்று ஒரு தாளில் எழுதி, அவர்கள் கேட்பதற்கு முன்பே கோப்பைத் தொடங்குங்கள். இதற்கு யாரும் நன்றி சொல்லமாட்டார்கள். முதல் வகை வேலையின் இயல்பு அது.

இப்போது வேலையின் தன்மைக்கு வருவோம். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் கொடுத்த மனு ஒன்று உங்களுக்கு வருகிறது: வண்டிப்பாதையை ஒருவர் மறித்து வேலி போட்டுவிட்டார். இருக்கை எழுத்தர் தன்பதிவேட்டில் ஏற்றி, வருவாய் ஆய்வாளரிடம் அறிக்கை கேட்கிறார். அவர் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்கிறார். "ஆக்கிரமிப்பு உள்ளது, நில அளவர் மூலம் அளக்க வேண்டும்" என்று பதில் வருகிறது. எழுத்தர் அதை நில அளவருக்கு அனுப்பிவிட்டு, "நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது" என்று மனுதாரருக்குக் கடிதம் தயாரிக்கிறார். தலைமை எழுத்தர் இரண்டு சொல்லைத் திருத்துகிறார், துணை வட்டாட்சியர் ஒரு சொல்லை அடிக்கிறார், நீங்கள் கையெழுத்துப் போடுகிறீர்கள். மனு முடிந்தது; வேலி நிற்கிறது. எழுதியவரின் அடையாளம் ந.க. எண்ணின் வாலில் இருக்கும் "அ2" மட்டும். பாதை திறந்ததா என்று அவருக்கும் தெரியாது, அறிக்கை கொடுத்த கிராம நிர்வாக அலுவலருக்கும் யாரும் சொல்லவில்லை. இந்த வேலையில் எதைச் செய்து முடித்தோம் என்று ஒருவர் நினைக்க முடியும்?

ஹெர்ஸ்பெர்க் 1968-ல் எழுதிய கட்டுரையில் ஏறக்குறைய இதே போன்ற எழுத்தர்கள் வருகிறார்கள். ஒரு பெரிய நிறுவனத்தில் பங்குதாரர்களின் கடிதங்களுக்குப் பதில் எழுதும் பிரிவு. அங்கே ஒவ்வொரு பொருளுக்கும் எழுத்தர்களிலேயே ஒருவரை வல்லுநராக ஆக்கினார்கள். மற்றவர்கள் மேற்பார்வையாளரிடம் போகுமுன் அவரிடம் கேட்கலாம். எழுத்தர்கள் தங்கள் பெயரிலேயே கையெழுத்திட்டார்கள். அனுபவமுள்ளவர்களின் கடிதங்களை முழுக்கச் சரிபார்ப்பதை விட்டு, பத்தில் ஒன்றை மட்டும் பார்த்தார்கள். கடிதம் மேற்பார்வையாளர் மேசைக்குப் போகாமல் நேராகத் தபாலுக்குப் போனது. இவற்றை ஒரேயடியாகச் செய்யவில்லை, வாரம் ஒன்றாகக் கொண்டுவந்தார்கள். முதலில் வேலைத்தரம் குறைந்தது. பிறகு ஏறி, ஆறு மாத முடிவில் மாற்றம் செய்யாத பிரிவைத் தாண்டியது.

இதை அப்படியே எடுக்க முடியாது. சட்டப்படி நீங்கள் போட வேண்டிய உத்தரவை வேறு யாரும் போட முடியாது. ஆனால் குறையுள்ள மனுவுக்கு ஆவணம் கேட்கும் கடிதம், நினைவூட்டு, இடைக்காலப் பதில் போன்றவற்றின் கையொப்பத்தை, உங்கள் அலுவலக நடைமுறை அனுமதிக்கும் நிலை வரை கீழே இறக்குங்கள். எழுத்தர் வரை இறக்க இடமில்லை என்றால், கடிதத்தின் அடியில் "விவரங்களுக்கு" என்று அவர் பெயரையாவது அச்சிடுங்கள். அடுத்து, மனுக்களைப் பொருள்வாரியாகப் பிரிக்காமல் குறுவட்டவாரியாகப் பிரியுங்கள். ஒரு குறுவட்டத்தின் மனு வந்த நாள் முதல் வேலி அகலும் நாள் வரை ஒரே எழுத்தருடையது. ஆய்வாளர், அளவர், கிராம நிர்வாக அலுவலர் ஆகியோரோடு அவரே பேசட்டும். முடிவு தெரிந்ததும் அறிக்கை கொடுத்த கிராம நிர்வாக அலுவலருக்கு ஒரு நகல் போகட்டும். எத்தனை வந்தன, எத்தனை உண்மையில் முடிந்தன என்ற மாதக் கணக்கு முதலில் அந்த எழுத்தர் கைக்கே போக வேண்டும். தலைமை எழுத்தர் வழியாகத் திட்டாக வரக்கூடாது.

கிராம நிர்வாக அலுவலருக்கு ஜமாபந்தி இருக்கிறது. வருடத்தில் ஒருமுறை அவருடைய கணக்குகளை மூத்த அதிகாரி ஒருவர் புரட்டிப் பார்க்கும் நாள் அது. பெரும்பாலும் பிழை தேடும் நாளாகவே கழிகிறது. அடங்கலை வயலுக்குப் போய்ப் பார்த்து எழுதியவர் யார் என்பது அதிகாரிக்குத் தெரியும்படி நீங்கள் சொல்லலாம். "நன்றாக இருக்கிறது" என்பது போதாது. எந்த சர்வே எண்ணில் எதைச் சரியாகப் பிடித்தார் என்று சொன்னால்தான் அது பாராட்டு. உட்பிரிவுச் சிக்கல்களில் ஒருவர் கெட்டிக்காரர் என்றால், புதிதாக வருகிறவர்களை அவரிடம் அனுப்புங்கள்.

ஒரு எச்சரிக்கை. காலியிடம் நிரம்பாமல் பக்கத்துக் கிராமத்தைக் கூடுதல் பொறுப்பாகக் கொடுத்துவிட்டு, "உங்கள் மேல் நம்பிக்கை வைத்திருக்கிறேன்" என்று சொல்லாதீர்கள். ஒரே மாதிரி வேலையை இரண்டு மடங்காக்குவது பொறுப்பைக் கூட்டுவது ஆகாது. ஹெர்ஸ்பெர்க் இதைப் பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் பெருக்குவதாகத்தான் பார்த்தார். கூடுதல் கிராமம் தவிர்க்க முடியாதது என்றால் சுமை என்றே ஒப்புக்கொண்டு, எந்தப் பதிவேட்டை அதுவரை தள்ளிவைக்கலாம் என்று எழுத்தில் கொடுங்கள்.

கோட்பாட்டுக்கும் எல்லை உண்டு. நல்லது நடந்தால் நம்மால் என்றும், கெட்டது நடந்தால் நிர்வாகத்தால் என்றும் சொல்வது மனித இயல்பு. அந்த 200 பேரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள் என்பது பழைய விமர்சனம், நியாயமான விமர்சனமும்கூட. தவிர, அவர்கள் பொறியாளர்களும் கணக்காளர்களும். பதவி உயர்வு அடைபட்ட கடைநிலை ஊழியர்கள் அல்ல. உங்கள் ஆட்களில் சிலருக்கு அலுவலகம் மாதச் சம்பளத்துக்கான இடம் மட்டுமே. மனம் வயலிலோ குடும்பத்திலோ இருக்கும். அவர்களிடம் சரியான நேரமும் சரியான கணக்கும் கேளுங்கள், உற்சாகம் கேட்காதீர்கள். முதுநிலைப் பட்டியலில் யார் எந்த இடத்தில் இருக்கிறார், அவருக்கு மேலே எத்தனை பேர் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பொய்யான நம்பிக்கை முதல் வகைக் குறைகளில் ஒன்று.

பலன் தெரிகிறதா என்று பார்க்கக் கருத்துக்கணிப்பு வேண்டாம், கோப்பின் கடைசி வரியைப் படியுங்கள். "தங்கள் உத்தரவுக்குச் சமர்ப்பிக்கப்படுகிறது" என்று மட்டும் முடித்தவர், "இன்ன காரணத்தால் நிராகரிக்கலாம்" என்று எழுதத் தொடங்கினால் வேலை அவருடையதாகிவிட்டது. முதல் இரண்டு மாதம் பிழை கூடும், பழைய சரிபார்ப்பைத் திரும்பக் கொண்டுவரத் தலைமை எழுத்தர் வற்புறுத்துவார். அதிகாரம் குறைவது அவருக்குத்தான். புது ஆட்களுக்குப் பயிற்சி, சிக்கலான கோப்பு, களத் தணிக்கை என்று அவருக்கும் ஒரு புது வேலையைக் கையில் கொடுத்துவிட்டே தொடங்குங்கள். ஜமாபந்தி முடிந்து, தேர்தல் வேலை எதுவும் இல்லாத மாதத்தில், ஒரே ஒரு குறுவட்டத்தில் ஆரம்பித்தால் போதும்.