அலாரம் அடிக்காத காலைகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

2020 ஊரடங்கில் வந்ததுபோன்ற கனவுகள் எனக்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. பள்ளியில் உடன் படித்தவர்களும் என்றோ இறந்துபோன உறவினர்களும் அத்தனை துல்லியமாக வந்தார்கள். தோழிகளும் இதையே சொன்னார்கள். எல்லாம் பயத்தால் வந்ததுதானா?

மாலதி

அன்புள்ள மாலதி,

பயத்துக்கும் பங்குண்டு. ஆனால் நான் முதலில் சந்தேகப்படுவது உங்கள் அலாரத்தை. ஊரடங்கில் அதை அணைத்து வைத்திருப்பீர்கள்.

உறக்கம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரச் சுற்றுகளாக நடக்கிறது. ஒவ்வொரு சுற்றின் கடைசியிலும் மூடிய இமைக்குள் கண்கள் விறுவிறுவென அசையும் ‘ரெம்’ உறக்கம் வரும். 1953-இல் உறக்க ஆய்வாளர்கள் அசெரின்ஸ்கியும் கிளைட்மேனும் இதை உலகுக்கு அறிவித்தார்கள். கதைபோல நீளும் கனவுகள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். முதல் சுற்றில் இது சில நிமிடங்களில் முடிந்துவிடும். விடியலை ஒட்டி அரை மணி நேரம்கூட நீளும்.

பன்னிரண்டு மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுகிறவர், எட்டு வரை தூங்கத் தொடங்குகிறார் என்று வையுங்கள். உறக்கம் மூன்றில் ஒரு பங்குதான் கூடியிருக்கிறது. ஆனால் கூடியது கனவு மிக அடர்ந்த இரண்டு மணி நேரம். அலாரம் வெட்டி எறிந்துகொண்டிருந்த பகுதி அது.

அடுத்தது நினைவு. கனவின் நடுவிலோ அது முடிந்த கையோடோ விழித்தால்தான் அது மனதில் தங்கும். பயம் இங்கேதான் உள்ளே வருகிறது: கவலை உள்ளவருக்கு இரவில் அடிக்கடி விழிப்பு தட்டும், ஒவ்வொரு விழிப்பிலும் ஒரு கனவு கையில் சிக்கும். எழுந்து ஓட வேண்டிய அவசரமும் இல்லை, படுத்தபடியே அசைபோடலாம். ஆக, நீங்கள் அதிகமாகக் கனவு கண்டீர்கள், அதைவிட அதிகமாக நினைவில் வைத்தீர்கள். விடுமுறையில் நான்கைந்து நாள் அலாரமின்றித் தூங்கிப் பாருங்கள். கனவுகள் திரும்பி வந்தால் காரணம் நோய்ப் பயம் மட்டுமல்ல என்று தெரிந்துவிடும். (ஒரே கொடுங்கனவு திரும்பத் திரும்ப வந்து தூங்கவே அஞ்சினால் அது வேறு கதை, மருத்துவரிடம் போக வேண்டும்.)

ஆனால் பள்ளித் தோழர்கள் ஏன் வந்தார்கள் என்பதை உறக்கக் கணக்கு சொல்லாது. அதற்கு எனக்கு நோர்டன்ஷோல்டின் அண்டார்டிகப் பயணம் நினைவுக்கு வருகிறது. 1901-இல் கிளம்பிய சுவீடன் குழு அது. பனிக்குள் மாட்டிக்கொண்ட அவரும் தோழர்களும் ஊரில் இருந்தபோதைவிட மிகத் தெளிவான கனவுகள் கண்டதாக எழுதியிருக்கிறார். பெரும்பாலும் சாப்பாட்டுக் கனவுகள். ஒருவர் மீண்டும் பள்ளி வகுப்பறையில் உட்கார்ந்திருந்தார். இன்னொருவரின் கனவில் தபால்காரர் வந்து, கடிதங்களைத் தவறான முகவரியில் கொடுத்துவிட்டு அரும்பாடுபட்டு மீட்டதாகத் தாமதத்துக்கு நீண்ட விளக்கம் சொன்னார்!

பகலில் புது முகமோ புது இடமோ கிடைக்காதபோது, மூளை கனவுக்கான சரக்கைப் பழைய பெட்டியிலிருந்து எடுக்கிறது என்பது என் கணிப்பு. அந்த மாதங்களில் நீங்கள் புதிதாக எத்தனை பேரைப் பார்த்தீர்கள்?