விலகும் பங்காளிக்கு குட்வில் எவ்வளவு?

கேள்வி: மார்த்தாண்டத்தில் நானும் மச்சானும் சரிபாதிப் பங்கில் 11 வருஷமாக நேந்திரங்காய் சிப்ஸ் போட்டு விற்கிறோம். உடம்பு முடியாததால் நான் விலகுகிறேன். தொழிலை அவர் நடத்துவார். மொத்த குட்வில் 21.60 லட்சம் என்கிறார் என் ஆடிட்டர். அவருடைய ஆடிட்டர் 5.40 லட்சம் என்கிறார். ஒப்பந்தப் பத்திரத்தில் இதுபற்றி ஒரு வரியும் இல்லை. எது சரி?

பதில்: பத்திரத்தில் வரி இல்லாததால் உங்கள் உரிமை போய்விடாது. 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம், 14ஆம் பிரிவில், குட்வில் எனும் தொழிலின் நற்பெயரையும் நிறுவனத்தின் சொத்தாகவே சேர்க்கிறது. ஆனால் அதை எப்படி மதிப்பிடுவது என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. அதனால்தான் இரண்டு ஆடிட்டர்களுக்கு இரண்டு தொகை வருகிறது.

நீங்கள் அனுப்பிய கணக்கில் மூன்று ஆண்டு லாபம் 9 லட்சம், 10.20 லட்சம், 13.20 லட்சம். சராசரி 10.80 லட்சம். உங்கள் ஆடிட்டர் அதை அப்படியே இரண்டால் பெருக்கிவிட்டார். சராசரி லாப முறை அதுதான் என்றாலும், பெருக்குவதற்கு முன் லாபத்தைச் சலிக்க வேண்டும். கடைசி ஆண்டு லாபத்தில் 1.80 லட்சம் பழைய டெம்போவை விற்று வந்தது. அது வருஷா வருஷம் வராது, கழியுங்கள். அடுத்து, நீங்கள் இருவரும் சம்பளம் எடுக்காமல் காலை முதல் அடுப்படியில் நிற்கிறீர்கள். அந்த வேலைக்கு வெளியாள் வைத்தால் ஆளுக்கு மாதம் 20,000 என்றாலும் ஆண்டுக்கு 4.80 லட்சம். அது உங்கள் உழைப்பின் கூலி, கடைப் பெயர் சம்பாதித்த லாபம் அல்ல. இரண்டையும் கழித்தால் சராசரி 5.40 லட்சம். இரண்டு ஆண்டுக் கொள்முதல், அதாவது இரண்டு ஆண்டு லாபத்தை விலையாக எடுத்தால் 10.80 லட்சம், நீங்கள் கேட்டதில் சரிபாதி.

மச்சானின் ஆடிட்டர் எடுத்தது உயர் லாப முறை. தொழிலில் போட்ட மூலதனம் 30 லட்சம். இதே மாதிரித் தொழிலில் அந்தப் பணம் 12 சதவீதம் ஈட்டும் என்று வைத்தால் சாதாரண லாபம் 3.60 லட்சம். உங்கள் 5.40 லட்சத்தில் அதைக் கழித்தால் மிஞ்சும் 1.80 லட்சம்தான் பெயருக்காக வருவது. மூன்று ஆண்டுக்கு 5.40 லட்சம்.

அதே 1.80 லட்சத்தை 12 சதவீதத்தால் மூலதனமாக்கினால், அதாவது ஆண்டுக்கு அவ்வளவு ஈட்ட எவ்வளவு பணம் போட வேண்டும் என்று பார்த்தால், 15 லட்சம் வரும். சராசரி லாபத்தை மூலதனமாக்கி (45 லட்சம்) அதிலிருந்து 30 லட்சத்தைக் கழித்தாலும் அதே 15 லட்சம்தான். ஆனால் உயர் லாபம் என்றென்றும் வரும் என்று நம்பித்தான் இந்த முறை கணக்குப் போடுகிறது. வறுக்கும் பக்குவமும் களியக்காவிளை தாண்டிய மொத்த வியாபாரிகளின் பழக்கமும் இரண்டு மனிதர்களின் கையில் இருக்கும்போது அந்த நம்பிக்கை பொருந்தாது. என் கருத்தில் உங்களுக்கு ஏற்றது உயர் லாப முறைதான். ஆகவே 5.40 லட்சம் அநியாயத் தொகை இல்லை. உங்கள் பாதி 2.70 லட்சம்.

பேரம் பேச இடம் இருப்பது அந்த 12 சதவீதத்தில். அது 10 ஆனால் உயர் லாபம் 2.40 லட்சம், குட்வில் 7.20 லட்சம். கிராக்கி நிலையான தொழில், ஆபத்து குறைவு என்று காட்ட முடிந்தால் கேளுங்கள்.

இன்னொரு இடத்தில் பலரும் சறுக்குகிறார்கள். உங்கள் ஷெட் மனை கணக்குப் புத்தகத்தில் பழைய விலையில் 4 லட்சம் என்று நிற்கிறது. இன்று 14 லட்சம் பெறும் என்று மறுமதிப்பீடு செய்து உங்கள் பாதியைக் கேட்டால், மூலதனமும் 40 லட்சமாகும். சாதாரண லாபம் 4.80 லட்சம், உயர் லாபம் வெறும் 60,000, குட்வில் 1.80 லட்சம். பதற வேண்டாம்: மனையின் உயர்வில் 5 லட்சம் தனியாக வரும், குட்வில்லில் 90,000. மொத்தம் 5.90 லட்சம், 2.70 லட்சத்தைவிட மேல். மனைக்குப் புது விலையையும் குட்வில்லுக்குப் பழைய மூலதனத்தையும் சேர்த்துக் கேட்டால்தான் எதிர்த்தரப்பு வக்கீல் பிடித்துக்கொள்வார்.

தொகை தீராமல் மச்சான் நிறுவனச் சொத்தை வைத்துத் தொழிலை நடத்தினால், 37ஆம் பிரிவின்படி உங்கள் பங்குக்கு ஆண்டுக்கு 6 சதவீத வட்டியோ, அந்தப் பங்கைப் பயன்படுத்தி வந்த லாபமோ, எது வேண்டுமோ கேட்கலாம். மாற்றி ஒப்பந்தம் செய்திருந்தால் அந்த ஒப்பந்தப்படிதான் நடக்கும்.

விலகிய பின் நீங்களே சிப்ஸ் போட 36ஆம் பிரிவு தடை செய்வதில்லை. பழைய கடைப் பெயரை மட்டும் பயன்படுத்தக் கூடாது, பழைய வாடிக்கையாளர்களைக் கூப்பிடக் கூடாது. குறிப்பிட்ட காலத்துக்கோ இடத்துக்கோ போட்டித் தொழில் செய்வதில்லை என்று மச்சான் எழுதி வாங்க நினைத்தால், நியாயமான அளவில் அது செல்லும். அந்தக் கையெழுத்துக்குத் தனி விலை கேளுங்கள்.