முதுகில் 20 கிலோ பை: நடை வேகத்தை எவ்வளவு குறைப்பது?

கேள்வி: "என் எடை 70 கிலோ. வெறும் ஆளாக நடந்தால் மணிக்கு 5 கிலோமீட்டர் போவேன். 20 கிலோ பையைத் தூக்கிக்கொண்டு 20 கிலோமீட்டர் நடக்க வேண்டியிருக்கிறது. வேகத்தை எத்தனை சதவீதம் குறைத்தால் கடைசிவரை தாக்குப்பிடிக்கலாம், அண்ணன்மார்களே?"

15 சதவீதம், தம்பி. அதாவது மணிக்கு 4.25 கிலோமீட்டர். ஆனால் இது தார்ச்சாலைக்கும் சமதரைக்கும் மட்டுமே பொருந்தும் கணக்கு.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டச் சாலைகளில் சாரணர் பிள்ளைகளை நடைப்பயிற்சிக்குக் கூட்டிப்போகிறவன் நான். அவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் வழி எளிமையானது. பையின் எடை உங்கள் உடல் எடையில் எத்தனை சதவீதம் என்று பாருங்கள்; அதில் பாதியை வேகத்தில் குறையுங்கள். 70 கிலோவுக்கு 20 கிலோ என்பது ஏறக்குறைய 29 சதவீதம். பாதி 14.5, அதை 15 என்றே வைத்துக்கொள்ளலாம். 10 கிலோ பை என்றால் 7 சதவீதம் போதும். பை உடல் எடையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் பாதிக்கு மேல் இன்னும் ஒன்றிரண்டு சதவீதம் சேர்த்துக் குறைக்க வேண்டும்.

இந்தப் பாதிக் கணக்கு எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. சுமையோடு நடப்பவரின் உடல் எவ்வளவு ஆற்றலைச் செலவிடுகிறது என்பதற்கு அமெரிக்க ராணுவ ஆய்வாளர் பாண்டோல்ஃபும் அவருடைய குழுவினரும் 1977இல் ஒரு சமன்பாடு தந்தார்கள்:

```
M = 1.5W + 2.0(W + L)(L/W)^2 + n(W + L)(1.5V^2 + 0.35VG)
```

W உடல் எடை, L சுமை, இரண்டும் கிலோவில். V வேகம், நொடிக்கு எத்தனை மீட்டர் என்று. G ஏற்றத்தின் சதவீதம். n தரையின் தன்மை: தார்ச்சாலைக்கு 1, மண்சாலைக்கு 1.1. விடை வாட் கணக்கில் வரும்.

நீங்கள் சுமையில்லாமல் 5 கிலோமீட்டர் வேகத்தில் நடக்கும்போது இந்தச் சமன்பாட்டின்படி செலவு ஏறக்குறைய 308 வாட். பையைத் தூக்கிய பிறகும் செலவு அதே 308இல் நிற்க வேண்டும் என்பதுதான் நம் நோக்கம். மொத்த எடை 70இலிருந்து 90க்கு ஏறிவிட்டது, கிட்டத்தட்ட 1.29 மடங்கு. ஆனால் நடைக்கான செலவு வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாலே செலவு நிறையக் குறையும். அதனால்தான் 29 சதவீத எடை ஏற்றத்தை ஈடுகட்ட 12 சதவீத வேகக் குறைப்பு போதுமானதாக இருக்கிறது. மீதி 3 சதவீதம், பையைச் சுமந்துகொண்டு சும்மா நிற்பதற்கே உடல் செலுத்தும் வரி.

இங்கே பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. வேகத்தை 15 சதவீதம் குறைத்தால் நேரமும் 15 சதவீதம் கூடும் என்று நினைத்துவிடுகிறார்கள். அப்படியில்லை. பழைய நேரத்தை 0.85ஆல் வகுக்க வேண்டும். 20 கிலோமீட்டருக்கு முன்பு 4 மணி நேரம். இப்போது 4 மணி 42 நிமிடம், ஓய்வு நேரம் தனி. ஆறு நிமிட வித்தியாசம்தானே என்று தோன்றும். சுமை கூடக்கூட இந்த இடைவெளியும் விரியும். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டிய நடையில் அது வலிக்கும்.

சரி, நடக்கும்போது 15 சதவீதத்தை எப்படிப் பிடிப்பது? காலடிகளின் எண்ணிக்கையைப் பெரிதாகக் குறைக்காதீர்கள். காலடியின் நீளத்தைக் குறையுங்கள். நிமிடத்துக்கு 110 காலடி வைக்கிறவர் 5 கிலோமீட்டர் வேகத்தில் ஒவ்வொரு காலடியிலும் சுமார் 76 சென்டிமீட்டர் முன்னே போகிறார். 105 காலடி, ஒவ்வொன்றும் 67 சென்டிமீட்டர் என்று மாற்றினால் 4.25 வந்துவிடும். பெரிய எட்டு வைத்தால் பாரம் முழுவதும் முன்காலில் தொம்மென்று இறங்கும். முட்டிக்கும் இடுப்புக்கும் அது ஆகாது. சரிபார்க்க, சாலையோரக் கிலோமீட்டர் கற்களைப் பாருங்கள். ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு 14 நிமிடம் ஆக வேண்டும். முதல் இரண்டு கற்களுக்கு இடையிலான தூரத்தை 12 நிமிடத்தில் கடந்தால் பழைய வேகத்திலேயே போய்க்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் கிளம்புவார்கள். உடம்பில் தெம்பு இருக்கும்போது பை கனப்பதில்லை.

தார்ச்சாலையை விட்டுக் குலை லாரி போகும் செம்மண் சாலையில் இறங்கினால் 4.25ஐ மணிக்கு 4 ஆக்கிக்கொள்ளுங்கள். மழை பெய்து சேறானால் சதவீதத்தை மறந்துவிடலாம். அங்கே கால் வைக்கும் இடம்தான் முக்கியம், வேகமல்ல.

ஏற்றத்தின் கதை வேறு. 100 மீட்டருக்கு 5 மீட்டர் ஏறும் சாலையில், அதே 308 வாட்டுக்குள் நிற்க வேண்டுமானால், 20 கிலோ பையோடு நீங்கள் போகக்கூடியது மணிக்கு 2.6 கிலோமீட்டர்தான். பாதிக்குப் பாதி! அதில் பெரும்பங்கு மேட்டின் வேலை. சுமையில்லாதவரே அந்த மேட்டில் 3.3க்கு இறங்கிவிடுவார். அவரோடு ஒப்பிட்டால் பைக்கான குறைப்பு 20 சதவீதம். ஆகவே வழியில் மேடு இருந்தால் முழுத் தூரத்துக்கும் ஒரே சதவீதம் போடாமல், மேட்டுப் பகுதிக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். இறக்கத்துக்கு இந்தச் சமன்பாடு செல்லாது. அங்கே மூச்சு வாங்காது, தொடையும் முட்டியும்தான் அடி வாங்கும். சமதரை வேகத்தைத் தாண்டாமல் இருங்கள்.

சமன்பாட்டுக்கு இன்னொரு குறையும் உண்டு: மணிக்கணக்கில் நடக்கும்போது ஏறும் களைப்பை அது கணக்கில் எடுப்பதில்லை. அதே வேகம், அதே பை, ஆனால் மூன்றாவது மணியில் இதயம் முதல் மணியைவிட வேகமாக அடிக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் இது இன்னும் சீக்கிரம் தெரியும். பக்கத்தில் வருகிறவரோடு ஒரு முழு வாக்கியம் பேசிப் பாருங்கள். நடுவில் மூச்சுக்காக நிறுத்த வேண்டியிருந்தால் இன்னும் 5 சதவீதம் குறையுங்கள். குடித்த தண்ணீரால் பை இரண்டு மூன்று கிலோ இறங்கியிருக்குமே, வேகத்தைக் கூட்டலாமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். வேண்டாம். அந்த லாபத்தைக் களைப்பு ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருக்கும்.

தனியாகப் போகாமல் கூட்டமாகப் போவதாக இருந்தால், ஆளுக்கு 20 கிலோ என்று சமமாகப் பிரிக்காதீர்கள். 55 கிலோ பையனுக்கு அது 36 சதவீதம். அவன் வேகத்தில் 20 சதவீதம் குறைய வேண்டும். 80 கிலோ ஆளுக்கு 25 சதவீதம்தான். 13 குறைத்தால் போதும். ஒருவன் இழுத்துக்கொண்டு வருவான், இன்னொருவன் முன்னே போய்க் காத்து நிற்பான். 55, 70, 80 கிலோ கொண்ட மூவர் 60 கிலோ சுமையை 16, 20.5, 23.5 என்று பிரித்துக்கொண்டால் மூவருக்கும் சுமை 29 சதவீதத்தில் நிற்கும். 15 சதவீதக் குறைப்பு எல்லோருக்கும் பொருந்தும். பையை எடை போட, வீட்டுத் தராசில் ஒருமுறை பையோடும் ஒருமுறை பையில்லாமலும் ஏறி நின்று கழித்தால் போதும். தண்ணீர்ப் புட்டிகளை நிரப்பிய பிறகு எடை போடுங்கள்.