ரத்தக்கட்டியைக் கரைப்பதா, காப்பதா? அவசர சிகிச்சை மருத்துவரிடம் கேள்வி பதில்

பி.பார்ம் மாணவர்: மேடம், டிரானெக்ஸாமிக் ஆசிட், வைட்டமின் கே ரெண்டையும் ‘ரத்தப்போக்கை நிறுத்தும் மருந்துகள்’னு ஒரே தலைப்புல நோட்ஸ் எடுத்திருக்கோம். வேலை ஒண்ணுதான்னா எதுக்கு ரெண்டு மருந்து?

தம்பி, அந்தத் தலைப்பை அழித்துவிடுங்கள். இரண்டும் உடம்பின் வெவ்வேறு இடத்தில் வேலை செய்கின்றன.

வைட்டமின் கே-யின் களம் கல்லீரல். உறைதலுக்கு வேண்டிய 2, 7, 9, 10 என்ற நான்கு காரணிகளைக் கல்லீரல் தயாரித்தாலும், வைட்டமின் கே இருந்தால்தான் அவற்றுக்குக் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் திறன் வரும். அது இல்லாவிட்டால் காரணிகள் ரத்தத்தில் சும்மா சுற்றும், உறைவு உருவாகாது. ஊசி போட்டாலும் கல்லீரல் புதிதாகத் தயாரித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். நரம்பு வழியாகக் கொடுத்தால் பலன் தெரிய ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரம், வாய் வழியாக என்றால் கிட்டத்தட்ட ஒரு நாள்.

டி.எக்ஸ்.ஏ என்று சுருக்கமாகச் சொல்லும் டிரானெக்ஸாமிக் ஆசிட் புதிதாக எந்த உறைவையும் உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே உருவான உறைவில் ஃபைப்ரின் இழைகள் வலைபோல் பின்னிக் கிடக்கும். அந்த இழைகளில் லைசின் என்ற அமினோ அமிலம் இருக்கும் இடங்களைப் பற்றிக்கொண்டுதான் பிளாஸ்மினோஜன் உட்காருகிறது. அங்கே அது பிளாஸ்மினாக மாறி இழைகளை வெட்டும். டிரானெக்ஸாமிக் ஆசிட் பார்ப்பதற்கு லைசின் மாதிரியே இருப்பதால், பிளாஸ்மினோஜனின் பிடிக்கும் இடத்தில் அதுவே போய் அடைத்துக்கொள்கிறது. பிளாஸ்மினோஜனால் இழையில் ஒட்ட முடிவதில்லை, உறைவு கரையாமல் நிற்கிறது. ஜப்பானில் உடாகோ ஒகமோட்டோவும் அவர் கணவர் ஷோசுகே ஒகமோட்டோவும் பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கில் தாய்மார்கள் இறப்பதைத் தடுக்க வேண்டும் என்றே இந்த வழியில் தேடி 1962-ல் இதை வெளியிட்டார்கள்.

ஆல்டிபிளேஸ், டெனெக்டிபிளேஸ், ஸ்ட்ரெப்டோகைனேஸ் போன்ற கரைப்பான்கள் இதே பிளாஸ்மினோஜனைத் தட்டி எழுப்பி பிளாஸ்மினாக்குகின்றன. ஆகவே நேருக்கு நேர் எதிரிகள் என்றால் கரைப்பானும் டிரானெக்ஸாமிக் ஆசிட்டும்தான். வைட்டமின் கே அந்தச் சண்டை நடக்கும் இடத்திலேயே இல்லை.

ஆம்புலன்ஸ் ஊழியர்: விபத்துல அடிபட்டு வர்றவங்களுக்கு டி.எக்ஸ்.ஏ போட்டா ரத்தம் நிக்கும். கட்டியை உண்டாக்காதுன்னு நீங்களே சொல்றீங்க. அப்போ லேட்டானாலும் போட்டுடறதுல நஷ்டமில்லையே?

முதல் பாதி சரி. 2010-ல் வெளிவந்த கிராஷ்-2 ஆய்வில், அடிபட்டு ரத்தம் இழந்த அல்லது இழக்கும் ஆபத்தில் இருந்த இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்க்கப்பட்டார்கள். மருந்து பெற்றவர்களில் 14.5 சதவீதமும், பெறாதவர்களில் 16 சதவீதமும் இறந்தார்கள். கொடுத்தது பத்து நிமிடத்தில் ஒரு கிராம், அதன்பின் எட்டு மணி நேரத்தில் இன்னொரு கிராம். இவ்வளவு மலிவான மருந்துக்கு இது பெரிய பலன்.

இரண்டாம் பாதிதான் ஆபத்து. அதே ஆய்வை நேரவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, அடிபட்ட ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்தவர்களில் ரத்தப்போக்கால் இறந்தவர்கள் 5.3 சதவீதம், கொடுக்காதவர்களில் 7.7 சதவீதம். மூன்று மணி நேரம் தாண்டிக் கொடுத்தவர்களில் கணக்கு தலைகீழாகிவிட்டது. மருந்து பெற்றவர்களில் 4.4, பெறாதவர்களில் 3.1. காயத்தின் தொடக்கத்தில் உடம்பு உறைவை வேகமாகக் கரைக்கிறது, நேரம் போகப்போக அந்தக் கரைப்பைத் தானே அடக்கிவிடுகிறது. அடங்கிய பிறகு மேலும் அடக்கினால் கெடுதலாகிறது என்பது பலரும் ஏற்கும் விளக்கம். காரணம் எதுவானாலும் எண்ணிக்கை தெளிவாக இருக்கிறது. அதனால் நீங்கள் எழுதும் சீட்டில் விபத்து நடந்த நேரத்தைக் கட்டாயம் குறியுங்கள். அது இல்லாமல் நோயாளி வந்தால், மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு யாரைக் கேட்பது என்று தேடிக்கொண்டிருப்போம்.

இன்னொன்று. ‘ரத்தம் வந்தால் டி.எக்ஸ்.ஏ’ என்று எல்லா ரத்தப்போக்குக்கும் நீட்டிவிட முடியாது. இரைப்பை, குடல் ரத்தப்போக்கில் இதைச் சோதித்த ஹால்ட்-இட் ஆய்வு 2020-ல் வந்தது. இறப்பு குறையவில்லை, நாளங்களில் உறைவும் வலிப்பும்தான் கூடின.

மதுரையிலிருந்து ஒருவர்: அம்மாவுக்கு மைட்ரல் வால்வு மாத்தி உலோக வால்வு வெச்சிருக்காங்க. அதுல கட்டி பிடிக்காம இருக்க அசிட்ரோம் சாப்பிடறாங்க. ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகுதுன்னு காட்டற ஐ.என்.ஆர் இன்னைக்கு 8.2. பல் விளக்கினா ஈறுல ரத்தம் கசியுது. பக்கத்து கிளினிக்ல வைட்டமின் கே 10 மில்லிகிராம் ஊசி போட்டுடலாம்கிறாங்க. போட்டுடட்டுமா?

முதலில் இன்றே, இப்போதே, வால்வைக் கவனிக்கும் இதய மருத்துவரிடமோ அவர் இருக்கும் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கோ அழைத்துப் போங்கள். இன்றைய அசிட்ரோம் மாத்திரையைக் கொடுக்காதீர்கள். கடும் தலைவலி, வாந்தி, குழப்பம், கறுப்பு மலம், வயிற்று வலி இதில் ஏதாவது இருந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

பத்து மில்லிகிராம் ஏன் யோசிக்க வேண்டியது என்றால், அசிட்ரோம் தடுத்து வைத்திருப்பது வைட்டமின் கே-யின் சுழற்சியைத்தான். அவ்வளவு பெரிய அளவில் உள்ளே தள்ளினால் ஐ.என்.ஆர் இறங்கும், ஆனால் அதன்பின் பல நாட்களுக்கு அசிட்ரோம் எவ்வளவு கொடுத்தாலும் ஏறாது. அந்த இடைவெளியில் உலோக வால்வில் கட்டி பிடிக்கலாம். அப்படிப் பிடித்தால் அறுவை சிகிச்சை, அல்லது கட்டியைக் கரைக்கும் மருந்து. ஈறில் கசிவை நிறுத்தப் போய் அங்கே கொண்டுவிடக் கூடாது. உயிருக்கு ஆபத்தான ரத்தப்போக்கு என்றால் கணக்கே வேறு. அப்போது 5 முதல் 10 மில்லிகிராம் நரம்பு வழியாக மெதுவாகவும், கூடவே உறைதல் காரணிகள் அடங்கிய பி.சி.சி.யோ பிளாஸ்மாவோ தருவோம். வைட்டமின் வேலை செய்யும்வரை தாங்கிப்பிடிக்க ஆயத்தமான காரணிகள் வேண்டுமே.

உங்கள் அம்மா மாதிரி நிலையில் பெரும்பாலும் மாத்திரையை நிறுத்தி, தேவையென்றால் ஒன்று அல்லது இரண்டு மில்லிகிராம் கே-1 மட்டும் வாய் வழியாகக் கொடுத்து, மறுநாள் ஐ.என்.ஆர் பார்ப்பார்கள். ஈறுக்கு டிரானெக்ஸாமிக் ஆசிட் கரைசலை வாயில் வைத்துக் கொப்பளித்துத் துப்பச் சொல்வதும் உண்டு. பல் பிடுங்கும்போது இதே வழக்கம்தான். கசியும் இடத்தில் மட்டும் உறைவு காக்கப்படும், வால்வுப் பக்கம் பெரிதாக எதுவும் போகாது.

போன வாரத்தில் புது மாத்திரை ஏதாவது ஆரம்பித்தார்களா?

அதே மதுரைக்காரர்: வயித்துப்போக்குக்கு மெட்ரோனிடசோல் அஞ்சு நாள் சாப்பிட்டாங்க. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமா? நான் கீரையைத்தான் சந்தேகப்பட்டேன். கிளம்பிட்டோம் டாக்டர்.

நிறையச் சம்பந்தம். மெட்ரோனிடசோல் இந்த வகை மருந்துகளின் பலனைக் கூட்டும். சரியாகச் சாப்பிடாததும் சேர்ந்திருக்கும். கீரை அதிகம் சாப்பிட்டால் ஐ.என்.ஆர் இறங்கும், ஏறாது. அந்த மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துப்போய்க் காட்டுங்கள்.

சென்னை, ஐ.டி. ஊழியர்: நீங்க சொல்ற கரைப்பான் எனக்கும் நடக்குது. கால்ல டி.வி.டி.ங்கற ரத்தக்கட்டி, ரிவரோக்சபான் சாப்பிடறேன். மூணு மாசம்கிறாங்க. கரைக்கற மருந்துன்னா ஒரு வாரத்துல கரைஞ்சிடாதா? ரத்தம் வந்தா வைட்டமின் கே வாங்கி வெச்சுக்கணுமா?

ரிவரோக்சபான் கரைப்பான் இல்லை. கட்டி மேலும் வளராமல், புதிது வராமல் தடுக்கும். ஏற்கெனவே இருப்பதை உங்கள் உடம்பின் பிளாஸ்மின்தான் வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுகிறது. கால் கட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு இது போதும். உண்மையான கரைப்பானை மாரடைப்பு, பக்கவாதம், ரத்த அழுத்தத்தையே விழச்செய்யும் நுரையீரல் கட்டி மாதிரி சமயங்களுக்கு வைத்திருக்கிறோம், ஏனென்றால் அது கெட்ட கட்டி, நல்ல கட்டி என்று பார்ப்பதில்லை.

வைட்டமின் கே வாங்கி வைக்க வேண்டாம். ரிவரோக்சபான் பத்தாம் காரணியை நேரடியாக அடைக்கிறது, வைட்டமின் கே-யால் அதை அவிழ்க்க முடியாது.

பக்கவாதப் பிரிவு செவிலியர்: 60 கிலோ நோயாளி. ஆல்டிபிளேஸ் டிரிப் ஆரம்பித்து 20 நிமிடத்தில் கடும் தலைவலி, வாந்தி, பி.பி. ஏறியது. நிறுத்திவிட்டு சி.டி.க்கு அனுப்பினோம், மூளையில் ரத்தக்கசிவு. பயிற்சி மருத்துவர் வைட்டமின் கே எழுதினார், மூத்தவர் அடித்துவிட்டு க்ரையோ கேட்டார். டி.எக்ஸ்.ஏ பற்றிப் பேச்சே வரவில்லை. வந்திருக்க வேண்டுமா?

சிஸ்டர், நீங்கள் டிரிப்பை உடனே நிறுத்தியதுதான் அன்று நடந்த முக்கியமான சிகிச்சை. கிலோவுக்கு 0.9 என்றால் மொத்தம் 54 மில்லிகிராம். முதலில் 5.4 ஒரே தள்ளலாகப் போயிருக்கும், மீதி 48.6 ஒரு மணி நேரத்துக்கு. இருபது நிமிடத்தில் அதில் 16.2. ஆக உள்ளே போனது 21.6. பாதிக்கும் மேல் தடுத்துவிட்டீர்கள்.

ஆல்டிபிளேஸ் ரத்தத்தில் சில நிமிடங்களிலேயே பாதியாகிவிடும். ஆனால் அது எழுப்பிவிட்ட பிளாஸ்மின் ஃபைப்ரினோஜனையும் வெட்டியிருக்கும், அந்தக் குறை மணிக்கணக்கில் நிற்கும். உறைவு கட்ட மூலப்பொருளே இல்லாமல் போகும். அதனால்தான் ஃபைப்ரினோஜன் நிறைந்த க்ரையோ. ஃபைப்ரினோஜன் அளவுக்கு ரத்தம் எடுத்துவிட்டு, முடிவுக்குக் காத்திராமல் பத்து யூனிட் தொடங்குவார்கள். டெசிலிட்டருக்கு 150 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் மீண்டும் கொடுப்பார்கள். வைட்டமின் கே-யை அடித்தது சரி. அந்த நோயாளிக்குக் கல்லீரல் காரணிகளில் குறை இல்லை, இருந்திருந்தாலும் பலன் வரும்போது இரவு கடந்திருக்கும்.

டி.எக்ஸ்.ஏ பத்து நிமிடத்தில் ஒரு கிராம் என்பது அமெரிக்க வழிகாட்டுதலில் இருக்கிறது. மருந்தியல்படி பொருந்தவும் செய்கிறது, கரைப்பான் எழுப்பியதை அது அடக்கும். க்ரையோ உருகி வரும்வரை கையில் இருப்பதும் அதுதான்.

அதே செவிலியர்: எங்கள் நரம்பியல் மருத்துவர், அடைபட்ட நாளம் இன்னும் திறக்கவில்லை என்றால் டி.எக்ஸ்.ஏ அதை நிரந்தரமாக்கிவிடும் என்கிறார்.

அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. அந்த ஒரே மூளையில் ஒரு பக்கம் அடைப்பு, இன்னொரு பக்கம் கசிவு. இந்தச் சூழலுக்கென்று நடத்திய பெரிய ஆய்வு கையில் இல்லை. வழிகாட்டுதலும் நிபுணர் கருத்தின் பலத்தில்தான் நிற்கிறது. கசிவு பெரிதாகி நோயாளி சரிந்துகொண்டே போனால் நான் கொடுப்பேன். சின்னக் கசிவு, நினைவு தெளிவாக இருக்கிறது, க்ரையோ அரை மணியில் வந்துவிடும் என்றால் அவர் மாதிரியே காத்திருப்பேன். எதைச் செய்தாலும், டிரிப் நிறுத்திய நேரத்தையும் அதுவரை போன அளவையும் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். அடுத்து வரும் மருத்துவர் அதை வைத்துத்தான் முடிவெடுப்பார்.