"நல்லாத்தானே இருக்கேன்": பி.பி. மாத்திரை கேள்வி-பதில்

பி.பி. மாத்திரையை நிறுத்தலாமா? உடம்பில் ஒரு தொல்லையும் இல்லை. (சேலம்)

வயது, மாத்திரையின் பெயர், அளந்த எண் மூன்றையும் எழுதவில்லை. அட்டையைப் பார்த்து எழுதுங்கள் என்று எத்தனை முறைதான் சொல்வது? அதுவரை நீங்களாக நிறுத்தாதீர்கள். அட்டெனலால், மெட்டோபுரோலால், குளோனிடின் போன்றவற்றைத் திடீரென்று விட்டால் பி.பி.யும் படபடப்பும் சட்டென்று எகிறும்.

அப்பாவுக்கு 62 வயது. அம்லோடிபின் 5 மி.கி. போட்டு 128/80 வந்ததும் "நார்மல்" என்றார்கள். குணமாகிவிட்டது என்று நிறுத்திவிட்டார். நான்கு நாள் கழித்தும் 130தான். அவர் சொல்வது சரியோ? (திருநெல்வேலி)

இந்த "நார்மல்" என்ற சொல்லோடுதான் எனக்குத் தீராத வழக்கு. பட்டையைக் கழற்றிக்கொண்டே அதைச் சொல்லி அனுப்பிவிடுகிறோம். காய்ச்சல் நார்மலானால் மாத்திரையை விடுபவர், இதையும் விடத்தான் செய்வார். "மாத்திரையோடு 128/80" என்று சொல்லி, நோட்டிலும் அப்படியே எழுத வேண்டும்.

நான்கு நாள் சோதனையும் ஏமாற்றுகிறது. அம்லோடிபின் ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 40 மணி நேரம் ஆகும். நான்காம் நாளிலும் ஐந்தில் ஒரு பங்கு மிச்சமிருக்கும். அது வடிந்தபின் பி.பி. ஓசையின்றி ஏறும், அப்போது அளக்க யாரும் இருக்க மாட்டார்கள்.

"பக்கவாதம் வரும்" என்று மிரட்டாதீர்கள். அடுத்த முறை ஒளித்து நிறுத்துவார். "எப்போ விடலாம்னு தோணிச்சுப்பா?" என்று கேட்டு, முழுசாகச் சொல்ல விடுங்கள். பிறகு மாத்திரை தொடங்கும் முன் அளந்த எண்ணைப் பழைய சீட்டில் காட்டுங்கள். "அப்பவும் நல்லாத்தானே இருந்தீங்க?" என்ற ஒரு கேள்வி போதும். டாக்டரிடம் சொல்லி மாத்திரையைத் திரும்பத் தொடங்கட்டும். ஐந்து நிமிடம் உட்கார்ந்தபின், கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, காலையும் மாலையும் இரண்டிரண்டு முறை, ஏழு நாள் அளந்து எழுதிக்கொண்டு போங்கள்.

மாமியார் தலை சுற்றினால் மட்டும் போடுகிறார். (காரைக்குடி)

170 இருந்தும் தலை சுற்றாதவர்கள் ஏராளம். 120 இருந்தும் சுற்றுகிறவர்கள் உண்டு. தலையை நம்பாதீர்கள், கருவியை நம்புங்கள்.

கணுக்கால் வீங்குகிறது என்று அம்மா யாரிடமும் சொல்லாமலே அம்லோடிபினை விட்டுவிட்டார். (தஞ்சாவூர்)

"நல்லாயிருக்கேன்" என்பதற்குப் பின்னால் பல நேரம் இதுதான் ஒளிந்திருக்கும். அம்லோடிபினில் இந்த வீக்கம் சகஜம், 10 மி.கி.யில் இன்னும் அதிகம். டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார், அல்லது வேறு மருந்துக்கு மாற்றுவார். ஆனால் மூச்சு வாங்கினாலோ, ஒரு கால் மட்டும் வீங்கினாலோ காத்திருக்க வேண்டாம். "மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டால் "ஆமா" என்றுதான் பதில் வரும். "போன வாரம் எத்தனை நாள் விட்டுப்போச்சு?" என்று கேளுங்கள்.

ஆரம்பித்தால் விடவே முடியாதாமே? (ஓசூர்)

இது போதைப் பழக்கம் அல்ல. எடையும் உப்பும் நன்றாகக் குறைந்து, வீட்டு எண்கள் தொடர்ந்து இறங்கினால் டாக்டரே படிப்படியாகக் குறைப்பார். எண்களைக் கொண்டுபோங்கள். மாத்திரை அட்டையையும்.