சார்ஜிங் வசதி கேட்டு மேலாளருக்குக் கடிதம்: எந்த ஆபத்தைச் சொல்வது?

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் தனி இடம் கிடையாது. பன்னிரண்டு பேர் உட்காரக்கூடிய நீள மேசையில் எங்கு காலியோ அங்கு உட்காருகிறோம். சுவரில் மூன்று பிளக் பாயின்ட்தான். ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இன்னொன்றைச் செருகி, வயரைத் தரையில் ஓடவிட்டுச் சமாளிக்கிறோம். மேசையிலேயே சில சார்ஜிங் பாயின்ட்கள் வைத்துத் தரும்படி அலுவலக மேலாளருக்கு எழுத வேண்டும். பாதுகாப்புக் காரணத்தையும் சொல்லலாம் என்று நினைக்கிறேன். எப்படி எழுதுவது?

பதில்: பாதுகாப்புக் காரணத்தைத் தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் சரியான காரணத்தைச் சொல்லுங்கள். இப்படிக் கடிதம் எழுதுகிறவர்களில் பலர் "நிறைய சார்ஜர் போடுகிறோம், ஓவர்லோடு ஆகித் தீப்பிடித்துவிடும்" என்றுதான் எழுதுகிறார்கள். மேலாளர் அதை எலக்ட்ரீஷியனிடம் காட்டுவார். அவர் ஒரு நிமிடம் கணக்குப் போட்டுவிட்டு "அப்படியெல்லாம் ஒன்றும் ஆகாது" என்பார். அவர் சொல்வது சரிதான். அத்தோடு உங்கள் கோரிக்கையும் முடிந்துவிடும்.

அந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். ஒரே நேரத்தில் எட்டுப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். லேப்டாப் சார்ஜர் ஒவ்வொன்றும் 65 வாட், போன் சார்ஜர் ஒவ்வொன்றும் 20 வாட். எல்லாமே முழு வேகத்தில் இழுத்தாலும் மொத்தம் 680 வாட். 230 வோல்ட் மின்சாரத்தில் அது ஏறத்தாழ 3 ஆம்பியர். பாட்டரி நிரம்ப நிரம்ப இதுவும் குறைந்துகொண்டே வரும். 10 ஆம்பியர் தாங்கும் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கு இது பெரிய சுமையே இல்லை.

ஆபத்து அந்தச் சங்கிலியில் இருக்கிறது. ஒன்றில் ஒன்றாகச் செருகிய பாக்ஸ்களில், கடைசியில் இருப்பது வரை போகிற மின்சாரம் முழுவதும் முதல் பாக்ஸின் வயர் வழியாகவும் சுவரில் இருக்கும் அந்த ஒரே பிளக் வழியாகவும்தான் போயாக வேண்டும். காலி துளை இருந்தால் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் செருகுவார்கள். ஒருவர் 2000 வாட் கெட்டிலைக் கொண்டுவந்து போட்டால் அது மட்டுமே 8.7 ஆம்பியர். சார்ஜர்களின் 3 ஆம்பியரையும் சேர்த்தால் 11.7. முதல் பாக்ஸ் தாங்கக்கூடிய 10 ஆம்பியரை இது தாண்டிவிட்டது. ஆனால் மின்னோட்டம் வரம்பைத் தாண்டினால் தானாக அணையும் சுவிட்சான எம்.சி.பி. அந்த லைனில் 16 ஆம்பியருக்கானது என்றால் அது விழாது. அதன் கணக்குப்படி எல்லாம் சரியாகவே இருக்கிறது. பாக்ஸ் மட்டும் சூடாகிக்கொண்டிருக்கும்.

இதோடு லூஸ் கனெக்ஷனும் சேர்ந்தால்தான் உண்மையான ஆபத்து. பகிர்ந்துகொள்ளும் மேசையில் நாளெல்லாம் பிளக்கைச் செருகுவதும் பிடுங்குவதுமாக இருப்பார்கள். அதனால் சாக்கெட்டுக்குள் இருக்கும் உலோகப் பிடிப்பு தளர்ந்துபோகும். தளர்ந்த இடத்தில் மின்தடை கூடும். அங்கே உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடியையும் மின்தடையையும் பெருக்கினால் வருவது. தளர்ந்த பிடிப்பில் 0.2 ஓம் தடை என்று வைத்துக்கொண்டால், சார்ஜர்கள் மட்டும் ஓடும்போது, அதாவது 3 ஆம்பியரில், 2 வாட்டுக்கும் குறைவான வெப்பம். கெட்டிலும் சேர்ந்து 11.7 ஆம்பியர் ஆகும்போது 27 வாட். சிறிய சால்டரிங் அயர்ன் தரும் சூடு அது. அது ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள், மேசைக்கு அடியில், யார் கண்ணிலும் படாமல் இருக்கிறது. மின்னோட்டத்தின் அளவை மட்டும் பார்க்கும் எம்.சி.பி.க்கு இந்தச் சூடு தெரியவே தெரியாது.

எனவே எழுதுவதற்கு முன் மேசைக்கு அடியில் ஒருமுறை குனிந்து பாருங்கள். எதையும் கழற்ற வேண்டாம், பார்த்தால் போதும். பிளக் தன் எடையிலேயே சாய்ந்து தொங்குகிறதா? சாக்கெட் துளையைச் சுற்றி வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பாகியிருக்கிறதா? பிளக்கின் மேல்புறத்தைத் தொட்டால் சுடுகிறதா? கருகல் வாடையோ, "கிர்ர்" என்ற சத்தமோ வருகிறதா? பழுப்பு நிறமும் வாடையும் இருந்தால் கடிதத்துக்குக் காத்திருக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கப் போகாமல், சுவரில் இருக்கும் சுவிட்சையோ எம்.சி.பி.யையோ அணைத்துவிட்டு உடனே மேலாளரிடம் நேரில் சொல்லுங்கள்.

கூடவே, இரண்டு மூன்று வேலைநாட்கள் காலை பதினொரு மணிக்கும் மதியம் மூன்று மணிக்கும் மேசையில் எத்தனை பேர், எத்தனை பேர் சார்ஜ் போடுகிறார்கள் என்று குறித்து வையுங்கள். "எல்லோருக்கும் வேண்டும்" என்று எழுதுவதைவிட, "அதிகபட்சம் எட்டுப் பேர்" என்று எழுதினால் மேலாளரால் உடனே விலை விசாரிக்க முடியும். எட்டுப் பேருக்கு மூன்று சார்ஜிங் பெட்டிகள் போதும். பன்னிரண்டு இருக்கைக்கும் தனித்தனியாகக் கேட்டால் செலவைப் பார்த்தே தள்ளிப்போடுவார்கள்.

இனி கடிதம். எண்களையும் இடங்களையும் உங்கள் கணக்குப்படி மாற்றிக்கொள்ளுங்கள்.

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

பொருள்: பகிர்வு மேசையில் மூன்று சார்ஜிங் பெட்டிகள் பொருத்தித் தர வேண்டுதல்

வணக்கம். ஜன்னலோரம் உள்ள பன்னிரண்டு இருக்கை மேசையை நாள்தோறும் அதிகபட்சம் எட்டுப் பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்துகிறோம். அருகில் மூன்று பிளக் பாயின்ட்களே இருப்பதால், இரண்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்களை ஒன்றோடொன்று இணைத்துப் பயன்படுத்தி வருகிறோம். தங்கள் பார்வைக்காக இரண்டு படங்களை இணைத்துள்ளேன்.

இதில் மூன்று குறைகளைக் கவனித்தேன். முதலாவது, இணைப்பு முழுவதும் ஒரே சுவர் பிளக்கை நம்பியிருக்கிறது. சார்ஜர்கள் மட்டும் இருக்கும்வரை சுமை குறைவுதான். கெட்டில் போன்ற ஒரு கருவியை யாராவது செருகினால், எம்.சி.பி. விழாமலேயே பாக்ஸ் தன் வரம்பைத் தாண்டிச் சூடாக வாய்ப்புண்டு. இரண்டாவது, முதல் பாக்ஸில் இரண்டு துளைகள் தளர்ந்து, பிளக் சரியாக நிற்பதில்லை. மூன்றாவது, வயர் நடைபாதையின் குறுக்கே கிடக்கிறது. கால் தடுக்குவதோடு, நாற்காலிச் சக்கரம் ஏறி மேலுறை நசுங்கியும் இருக்கிறது.

மேசையின் மீது நிலையாகப் பொருத்தும் மூன்று சார்ஜிங் பெட்டிகளை, ஒவ்வொன்றிலும் மூன்று பிளக் துளையும் இரண்டு டைப்-சி துளையும் இருக்கும்படி அமைத்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு பெட்டிக்கும் தனிச் சுவர் பாயின்டிலிருந்து நேரடி இணைப்பு இருந்தால் நல்லது. இடத்தை எலக்ட்ரீஷியன் நேரில் பார்த்து முடிவு செய்யலாம்.

அதுவரை, தளர்ந்த பாக்ஸை மாற்றித் தந்து, வயரைச் சுவரோரமாக ஒதுக்கிக்கொள்ள அனுமதித்தால் உதவியாக இருக்கும்.

நன்றியுடன்,
(பெயர், பிரிவு, தேதி)

கடிதத்தில் "சுமை குறைவுதான்" என்று நாமே சொல்லிவிடுவதைக் கவனித்தீர்களா? அந்த ஒரு வரிதான் எலக்ட்ரீஷியனை உங்கள் பக்கம் கொண்டுவரும். அவர் மறுப்பதற்கு எதுவும் மிச்சமிருக்காது. தளர்ந்த துளைகளையும் நசுங்கிய வயரையும் அவர் கண்ணால் பார்த்தே ஒப்புக்கொள்வார். உங்கள் மேசையில் இல்லாத குறையை மட்டும் கடிதத்திலிருந்து எடுத்துவிடுங்கள். துளை தளரவில்லை என்றால் தளர்ந்தது என்று எழுதாதீர்கள். படத்தை அருகில் போய் எடுங்கள். ஒன்றில் இணைப்புச் சங்கிலி முழுதாகத் தெரிய வேண்டும், இன்னொன்றில் நசுங்கிய இடம். யார் முகமும் யார் கணினித் திரையும் படத்தில் வேண்டாம். கெட்டில் யாருடையது என்றும் எழுத வேண்டாம். அது பாதுகாப்புக் கடிதத்தைப் புகார்க் கடிதமாக்கிவிடும்.

மேலாளர் சம்மதித்த பிறகு வாங்குவதில்தான் அடிக்கடி தவறு நடக்கிறது. பெட்டியின் மேல் "65 வாட்" என்று போட்டிருந்தால், பெரும்பாலும் அது எல்லா டைப்-சி துளைகளுக்கும் சேர்த்துச் சொன்ன அளவு. ஒருவர் மட்டும் செருகினால் 65 வாட் முழுதும் கிடைக்கும். இரண்டாமவர் செருகியதும் 45, 20 என்று பிரிந்துவிடும். 20 வாட் கிடைத்த லேப்டாப் "மெதுவாக சார்ஜ் ஆகிறது" என்று காட்டும், அல்லது வேலை செய்யச் செய்ய பாட்டரி இறங்கும். பிறகு என்ன, அவர் வீட்டிலிருந்து இன்னொரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கொண்டுவருவார், பழைய கதை மறுபடி தொடங்கும். அதனால் "எல்லாத் துளையிலும் ஒரே நேரத்தில் போட்டால் ஒவ்வொன்றிலும் எத்தனை வாட்?" என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். கடிதத்தில் மூன்று பிளக் துளை கேட்டதும் இதற்காகத்தான். லேப்டாப் தன் சார்ஜரில் ஓடட்டும், டைப்-சி போனுக்கு இருக்கட்டும். அந்த டைப்-சி துளைகள் தகவல் பரிமாற்றம் இல்லாமல் சார்ஜுக்கு மட்டும் என்றிருந்தால் கணினிப் பிரிவும் மறுப்புச் சொல்லாது.

"இப்போது பணம் இல்லை" என்று பதில் வந்தால் ஒரே ஒரு பெட்டி கேளுங்கள், அதிகம் பேர் உட்காரும் முனைக்கு. ஆனால் தளர்ந்த பாக்ஸை மாற்றுவதை மட்டும் அதோடு சேர்த்துத் தள்ளிப்போட விடாதீர்கள். அது தனி வேலை, செலவும் சிறியது.

பொருத்தும் நாளில் முடிந்தால் பக்கத்தில் இருங்கள். மூன்று பெட்டிகளையும் சுவரின் ஒரே பாயின்டில் இணைத்துவிட்டுப் போனால், பழைய சங்கிலிதான் அழகான உறையில் திரும்பி வந்திருக்கிறது. வயர் தரைவிரிப்பின் கீழ் போகக்கூடாது. அங்கே சூடு வெளியேற வழியில்லை, நசுங்கினாலும் தெரியாது. சுவர் தூரமாக இருந்தால் தரையில் பதிக்கும் பிளக் பெட்டியோ, வயருக்கு மேல் போடும் கெட்டியான மூடியோ வேண்டும். வயரை மேசைக் காலோடு கிளிப் போட்டுப் பிடித்திருக்க வேண்டும். இல்லையென்றால் யாராவது மேசையை நகர்த்தும்போது இழுபடுவது சுவர் பிளக்தான். உயரம் ஏற்றி இறக்கும் மேசை என்றால், முழு உயரத்துக்கு ஏற்றி நிறுத்தி, வயர் விறைக்காமல் தொய்வாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டே எலக்ட்ரீஷியனை அனுப்புங்கள்.